புதிய ஆசிரியைக்கு ஒரு செவிலியரின் கடிதம்

வேலூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது 34. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் உண்டு. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பது திட்டம். அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் செவிலியராக முழு அங்கீகாரம் பெற, ஜெர்மன் மொழியில் பி2 நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். இவர் ஒரு முறை தேர்வு எழுதி, இரண்டு பகுதிகளில் தேறி, இரண்டில் தவறிவிட்டார். பழைய பயிற்சி வகுப்பு முடிந்துவிட்டது. இப்போது இணையவழியில் தனியாகச் சொல்லித்தரும் புதிய ஆசிரியை ஒருவர் கிடைத்திருக்கிறார். முதல் வகுப்புக்கு முன் அவர் கேட்டது இதுதான்: “உங்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். என்ன வேண்டும், எதில் கஷ்டம், எவ்வளவு நேரம் படிக்க முடியும் என்று.”

இரவு டூட்டி முடிந்து வந்த காலையில் செவிலியர் எழுதிய முதல் கடிதம் நான்கே வரி.

“வணக்கம் மேடம். எனக்கு பி2 பாஸ் பண்ண வேண்டும். கிராமர் கொஞ்சம் வீக். பேசத் தயக்கமாக இருக்கிறது, கேட்டால் சரியாகப் புரிவதில்லை. தினமும் 2 மணி நேரம் கண்டிப்பாகப் படிப்பேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியையும் ஒரு பாடத்தைக்கூடத் திட்டமிட முடியாது. இலக்கணத்தில் பலவீனம், பேச்சில் தயக்கம், கேட்பதில் சிரமம் என்பவை ஜெர்மன் படிக்கும் எல்லோரும் சொல்வது. வேறு வழியில்லாமல் ஆசிரியை பாடநூலின் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். மாணவிக்குத் தெரிந்ததையே சொல்லித்தருவதில் முதல் ஆறு வாரம் போய்விடும். வேலைக்குப் போகிறவருக்கு ஆறு வாரம் சின்ன இழப்பு அல்ல.

பெரியவர்களின் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய அமெரிக்கர் மால்கம் நோல்ஸ், இந்த இடத்தில் ஒரு நல்ல வழக்கத்தைப் பரப்பினார். கற்பவரும் கற்பிப்பவரும் தொடக்கத்திலேயே ஓர் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்வது அது. எதைக் கற்கப் போகிறோம், எப்படி, எந்த நாளுக்குள் என்பதோடு, கற்றுவிட்டோம் என்பதற்கு எதைச் சான்றாகக் காட்டுவோம் என்பதும் அதில் இருக்கும். 1986இல் இதற்கென்றே ஒரு நூலையும் வெளியிட்டார். ‘சான்று’ என்ற அந்தக் கடைசிச் சொல்தான் நம் செவிலியரின் முதல் கடிதத்தில் இல்லாதது.

இலக்கிலிருந்து பார்ப்போம். “பி2 பாஸ் பண்ண வேண்டும்” என்பது ஒரு விருப்பம். ஆனால் அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதே விருப்பம் வேறு வடிவம் எடுக்கும். கோத்தே நிறுவனம் நடத்தும் பி2 தேர்வு நான்கு தனிப் பகுதிகளால் ஆனது: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, தேறுவதற்கு 60. நான்கையும் ஒரே நாளில் எழுதலாம், தனித்தனியாகவும் எழுதலாம். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதவும் வழி உண்டு. (தனித்தனியாகப் பெற்ற சான்றிதழ்களை ஏற்பார்களா என்பதை மட்டும், விண்ணப்பம் போகும் அலுவலகத்திடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.) நம் செவிலியர் வாங்கியவை வாசித்தலில் 73, பேசுதலில் 68, கேட்டலில் 50, எழுதுதலில் 54. “பேசத் தயக்கம்” என்று எழுதியவர் பேச்சில் தேறியிருக்கிறார்! தயக்கம் உண்மைதான், ஆனால் இப்போதைக்கு அவரைத் தடுத்துநிறுத்துவது அது அல்ல.

கேட்டலில் 50 என்பதையும் பிரித்துப் பார்க்கலாம். அந்தப் பகுதியில் மொத்தம் 30 கேள்விகள். 15 சரி என்றால் 50 புள்ளி. 17 சரி என்றாலும் 57தான். 18 சரியானால்தான் 60 வரும். ஆகவே இவருக்கும் தேர்ச்சிக்கும் இடையே மூன்று கேள்விகள். தேர்வு நாளின் பதற்றத்துக்கு இடம்விட்டு, வீட்டில் மாதிரித் தாள்களில் 21 வரை எட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதுவே இலக்கு. இரண்டாவது கடிதத்தில் இந்த வரி இப்படி மாறியது:

“கேட்டலிலும் எழுதுதலிலும் மட்டும் மறுபடி எழுதப் போகிறேன், 18 வாரத்தில். கேட்டலில் மூன்று மாதிரித் தாள்களில் தொடர்ந்து 21 சரியாக வந்தால்தான் தேர்வுக்குப் பணம் கட்டுவேன்.”

பணம் கட்டுவதை எண்ணோடு சேர்த்துச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த இடம். தேதியைப் பிடித்துக்கொண்டு தயாராகாமலேயே போய் உட்காருகிறவர்கள் பலர். இங்கே தயார்நிலைதான் தேதியை முடிவு செய்கிறது. ஆசிரியைக்கும் எப்போது “இன்னும் இல்லை” என்று சொல்லலாம் என்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்தது பலவீனம். எங்கே, எந்தச் சொல்லில், எந்த நிமிடத்தில் தடுக்குகிறது என்பதுவரை போனால்தான் அதற்கு மருந்து கிடைக்கும். “கேட்டால் புரிவதில்லை” என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. எழுத்துவடிவமும் கிடைக்கிற ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். பிறகு எழுத்துவடிவத்தைத் திறந்து, தவறவிட்ட சொற்களை இரண்டு நிறத்தில் அடிக்கோடிட வேண்டும். பொருளே தெரியாத சொல் சிவப்பு. படித்தால் உடனே புரிகிற, ஆனால் காதில் பிடிபடாமல் போன சொல் நீலம்.

சிவப்பு அதிகமென்றால் சொல்வளம் குறைவு. அவருக்கு வாசிப்பும் சொற்பட்டியலும் வேண்டும். நீலம் அதிகமென்றால் சொற்கள் இருக்கின்றன, காதுதான் பழகவில்லை. அவரை இன்னும் 500 சொல் மனப்பாடம் செய்யச் சொல்வது வீண். சிறு துண்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதும் டிக்டேஷன் பயிற்சிதான் அவருக்கு வேண்டும். தேர்வில் சில பகுதிகள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும் என்பதால், நீலக்காரர்களுக்கு அங்கே அடி பலமாக விழுகிறது.

செவிலியர் மூன்று ஒலிப்பதிவுகளில் இதைச் செய்து பார்த்தார். தவறவிட்ட 40 சொற்களில் 29 நீலம். அந்த 29இல் 8 எண்கள். ஜெர்மனில் இரண்டிலக்க எண்களில் ஒன்றின் இடம் முதலில் வரும். 87 என்பதை ‘ஏழும் எண்பதும்’ என்று சொல்வார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எண்பதைக் கேட்டவுடன் 8 என்று எழுதத் தொடங்கிவிடலாம். ஜெர்மனில் ஏழு என்று கேட்டதும் கை 7 எழுதிவிடுகிறது, பிறகு எண்பது வருகிறது, தாளில் 78 நிற்கிறது. தேர்வில் இதனால் ஒரு கேள்வி போகலாம். வார்டில் நாடித்துடிப்பையோ மருந்தின் அளவையோ இப்படி மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பது செவிலியருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கடிதத்தில் இப்படி எழுதினார்:

“எண்கள் முழுவதும் முடியும்வரை கையைத் தூக்கி வைத்திருக்கப் பழக வேண்டும். இரத்த அழுத்தம், அறை எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லி எழுத வையுங்கள் மேடம்.”

எழுத்துப் பகுதியில் கதை வேறு. மொத்தம் 75 நிமிடம், இரண்டு வேலை. முதலாவது, ஒரு பொதுவான விஷயத்தில் கருத்தெழுதுவது, சுமார் 150 சொல். அதற்கு 60 புள்ளி. இரண்டாவது, வேலையிடச் சூழலில் மேலாளர் போன்ற ஒருவருக்கு மரியாதையான செய்தி, சுமார் 100 சொல். அதற்கு 40. செவிலியர் முதல் வேலைக்கே 55 நிமிடம் செலவழித்திருந்தார். இரண்டாவது செய்தி பாதியில் நின்றது. அவர் இதை “கிராமர் வீக்” என்று நினைத்துக்கொண்டிருந்தார். இலக்கணத்தோடு நேரமும் சேர்ந்துதான் அவரைக் கவிழ்த்தது.

சரி, இலக்கணத்தில் எங்கே? இதைச் சொல்ல ஆசிரியைக்கு ஒரு மாதிரி அனுப்ப வேண்டும். அகராதி இல்லாமல், செல்போனில் 25 நிமிடம் வைத்துக்கொண்டு, எழுதிய பிறகு எதையும் திருத்தாமல் அனுப்ப வேண்டும். இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். புது ஆசிரியை என்ன நினைப்பாரோ என்று தோழியிடம் கொடுத்துத் திருத்தி, நல்ல தாளாக அனுப்புகிறார்கள். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர் வேறொருவரின் இரத்தத்தைக் கொடுப்பதுபோல அது. செவிலியருக்கு இந்த ஒப்புமை நன்றாகவே புரிந்தது. திருத்தாமல் அனுப்பினார்.

அந்தத் தாளில் ஒரு பிழை மூன்று முறை வந்திருந்தது. ‘டாக்டருக்குப் போன் செய்தேன்’ என்பதை அவர் ‘டேம் ஆர்ட்ஸ்ட்’ என்று நான்காம் வேற்றுமைக்கு நிகரான வடிவில் எழுதியிருந்தார். ஜெர்மனில் ‘ஆன்ரூஃபன்’ என்ற அந்த வினைச்சொல் இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும்: ‘டேன் ஆர்ட்ஸ்ட்’. அதாவது அவர்கள் டாக்டரை அழைக்கிறார்கள், நாம் டாக்டருக்குப் போன் போடுகிறோம். பிழை கவனக்குறைவால் வந்ததல்ல, தமிழின் ‘கு’ உருபு நேராக ஜெர்மனுக்குள் நடந்துபோயிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த ஆசிரியைக்கு அடுத்த கேள்வி எழும்: இந்த மாணவி எந்த மொழி வழியாக ஜெர்மனைப் புரிந்துகொள்கிறார்? பழைய வகுப்பில் பாடநூல் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில். இவரோ பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. அதனால் வேற்றுமைகளை ஆங்கிலச் சொற்களில் மனப்பாடம் செய்திருந்தார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு ஏறக்குறைய இல்லை. இருக்கிற மொழியான தமிழை ஓரமாக வைத்துவிட்டு, இல்லாத மொழி வழியாக அதைப் படித்திருக்கிறார்.

தமிழ்க்காது ஜெர்மனில் எத்தனை இடத்தில் துணைக்கு வருகிறது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ‘உதவு’ என்றால் நாம் ‘அவருக்கு’ என்போம். ஜெர்மனிலும் ‘ஹெல்ஃபன்’ அதே வேற்றுமையைத்தான் கேட்கிறது. பதில் சொல்வதும் நன்றி சொல்வதும் அப்படியே. ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நாம் சொல்கிற அமைப்பு அங்கேயும் உண்டு, ‘மிர்’ என்று தொடங்கும். ஆங்கிலம் வழியாக வருகிறவர் இங்கே ‘நான்’ என்று தொடங்கித் தடுக்கி விழுவார். சார்பு வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதை ஆங்கிலேயர்கள் பெரிய சிக்கலாகச் சொல்வார்கள். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு அது பழகிய பாதை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆண், பெண், பொது என்ற பால் பாகுபாட்டில் தமிழ் கைகொடுக்காது. நமக்கு உயர்திணைக்குத்தான் ஆண்பால், பெண்பால். ஜெர்மனில் ஊசிபோடுவதற்கான சிரிஞ்சு பெண்பால், கட்டுத்துணி ஆண்பால், காய்ச்சல் பொதுப்பால். காரணம் தேடினால் கிடைக்காது. சொல்லோடு சேர்த்துத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும். இதையும் செவிலியர் அளந்து எழுதினார்: வார்டில் புழங்கும் 50 பெயர்ச்சொற்களைத் துண்டுச்சீட்டில் எழுதி, பார்க்காமல் பால் சொல்லிப் பார்த்ததில் 31 சரி.

இப்போது நேரம். பெரியவர்களின் கடிதங்களில் நல்ல மனத்தோடு தப்பாகச் சொல்லப்படும் எண் இதுதான். “தினமும் 2 மணி நேரம்” என்றால் வாரம் 14. 18 வாரத்துக்கு 252 மணி நேரம். அந்த எண்ணை நம்பி ஆசிரியை திட்டம் போடுவார்.

செவிலியரின் டூட்டி மூன்று வாரச் சுழற்சி. அவர் எதையும் மாற்றாமல் மூன்று வாரம் ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்தார். காலை டூட்டி வாரத்தில் 2 மணிக்கு வேலை முடியும். மாலை 5 முதல் 6.30 வரை, மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது தானும் உட்கார முடிகிறது. ஐந்து நாளுக்கு 7.5 மணி, ஞாயிறு 2, ஆக 9.5. மதிய டூட்டி வாரத்தில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையல் முடித்து, 9.30 முதல் 11 வரை ஐந்து நாள்: 7.5. இரவு டூட்டி வாரத்தில் காலையில் வந்து தூங்கி எழுந்தால் உடம்பு ஒத்துழைப்பதில்லை. அரைமணியாக மூன்று நாள், ஓய்வு நாளில் 2.5, ஆக 4. மூன்று வாரத்துக்கு 21. சராசரி வாரத்துக்கு 7.

சொன்னதில் சரிபாதி. 18 வாரத்துக்கு 126 மணி. இடையில் தங்கையின் கல்யாணத்துக்கும் மகளின் தேர்வுக்கும் இரண்டு வாரம் போகும் என்று கழித்தால் 112. பி2 நிலையை எட்ட, தொடக்கத்திலிருந்து, 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படலாம் என்பது கோத்தே நிறுவனத்தின் கணக்கு. 112 மணி என்பது அப்படிப்பட்ட பாடவேளைகள் சுமார் 150. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது எந்த மூலைக்கும் போதாது. இரண்டு பகுதிகளில் தேறி, மற்ற இரண்டில் 10 புள்ளிக்குள் தவறியவர் இதில் திட்டம் போடலாம். முதல் கடிதத்தின் 252 மணியை நம்பியிருந்தால், ஆசிரியை எல்லா இலக்கணத்தையும் மறுபடி எடுக்க இடம் இருப்பதாக நினைத்திருப்பார். பாதியில் நேரம் தீர்ந்திருக்கும், எழுத்துப் பயிற்சி கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும்.

எத்தனை மணி என்பதோடு, அந்த மணி எப்படிப்பட்டது என்பதும் கடிதத்தில் வேண்டும். மாலை 5 மணிக்குப் பக்கத்தில் குழந்தை கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். அங்கே 75 நிமிட எழுத்துத் தாள் ஓடாது, சொற்சீட்டுகளும் டிக்டேஷனும் ஓடும். மதிய டூட்டி வாரத்தின் காலை 9.30 வீடே அமைதியாக இருக்கும் நேரம். எழுத்துத் தாளும் ஆசிரியையுடனான வகுப்பும் அங்கே பொருந்தும். இரவு டூட்டி வாரத்தின் அரைமணிகளில் புதிதாக எதையும் ஏற்றக்கூடாது, படித்ததைத் திருப்புவது போதும். ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதைவிடப் பல நாள்களில் பிரித்துச் செய்வது பலன் தரும் என்று கண்டார். அந்த வகையில் இரவு வாரத்தின் மூன்று அரைமணிகள் பார்ப்பதற்குச் சிறியவை, வேலையில் சிறியவை அல்ல. அந்த வாரத்தை முழுக்க விட்டுவிட்டால், அடுத்த காலை டூட்டி வாரத்தின் முதல் இரண்டு நாள் மறந்ததைத் தேடுவதிலேயே போகும்.

“வாரம் இரண்டு வகுப்பு, ஒன்றரை மணி வீதம். இரவு டூட்டி வாரத்தில் ஒன்று மட்டும், ஓய்வு நாளில். டூட்டி லிஸ்ட் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும், வந்த அன்றே அனுப்பிவிடுகிறேன்” என்று செவிலியர் எழுதினார். மூன்று வாரச் சுழற்சியில் வகுப்புக்கு 7.5 மணி போக, வாரத்துக்குச் சராசரியாக 4.5 மணி சொந்தப் பயிற்சிக்கு மிஞ்சுகிறது. இதைப் பார்த்த ஆசிரியைக்கு வீட்டுப்பாடத்தின் அளவு தெரிந்துவிடும்: வாரத்துக்கு ஒரு எழுத்துத் தாள், நான்கு சிறு டிக்டேஷன், பத்துப் பதினைந்து சொற்சீட்டுகள். அதற்கு மேல் கொடுத்தால் செய்யாமல் வருவார், செய்யவில்லையே என்ற கூச்சத்தில் ஒரு வகுப்பைத் தள்ளிப்போடுவார். வேலைக்குப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் நின்றுபோகிறார்கள்.

இரண்டாவது கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. நான்கு மதிப்பெண்கள், திருத்தாத ஒரு தாள், சிவப்பு நீலக் கோடுகள் போட்ட மூன்று எழுத்துவடிவங்களின் படம், மூன்று வார நேரக் கணக்கு, தமிழ்வழியில் படித்தவர் என்ற ஒரு வரி. முதல் வகுப்பில் ஆசிரியை இலக்கண அட்டவணையைத் திறக்கவில்லை. இரண்டாம் வேற்றுமை கேட்கும் வினைகளையும் நான்காம் வேற்றுமை கேட்கும் வினைகளையும் தமிழோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதவைத்தார். தமிழோடு ஒத்துப்போவதைத் தனியாக ஒதுக்கிவிட்டு, முரண்படும் ஐந்தாறை மட்டும் அந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுத்துக்கு ஒரே விதி: 40ஆவது நிமிடத்தில் முதல் வேலையை நிறுத்திவிட்டு, அடுத்த வரியிலேயே இரண்டாவதைத் தொடங்க வேண்டும், முதலாவது அரைகுறையாக இருந்தாலும்.

கடிதத்தில் விட்டுப்போன ஒன்றை ஆசிரியை அன்றைக்கே கேட்டார். பேசும்போது பிழை வந்தால் உடனே நிறுத்தித் திருத்தலாமா, முடித்த பிறகு சொல்லலாமா? செவிலியர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “எண்ணைத் தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள் மேடம். மற்றதையெல்லாம் குறித்துவைத்துக் கடைசியில் சொல்லுங்கள்.”